திங்கட்கிழமை காலையில் வெள்ளிக்கிழமை விலை

கெட்டது நடந்தால் எல்லோரும்தான் ஏன் என்று கேட்பார்கள். நல்லது நடந்தால் ஏன் என்று கேட்கிற ஒரே பிறவியை நான் பார்த்திருக்கிறேன். அவளை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவர்களும் அண்ணி, இளையவர்களும் அண்ணி. தபால்காரர்கூட "அண்ணி, கையெழுத்து" என்பார்.

ஒருமுறை தையல்காரர் கொடுத்த சட்டை போட்டவுடனே கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், "யார் அளவுக்குத் தச்சீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று மடக்கினாள். மருத்துவர் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றதும் இன்னொரு மருத்துவரிடம் போய், "எனக்கு ஏன் ஒண்ணுமில்ல?" என்று கேட்டவள். அந்த இரண்டாவது மருத்துவர் அதற்கப்புறம் வைத்தியத்தை விட்டுவிட்டு மீன் வளர்க்கப் போய்விட்டார் என்று சொல்கிறார்கள். அதில் பாதியை நம்பலாம்.

வேலை, பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுவது. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே பச்சை அளவுகோல். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநருக்கு எங்கே ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை எதை நிறுத்தலாம் என்பதெல்லாம் அவள் தலைக்குள் ஓடும். அவள் விடுப்பில் போகிற நாளில் பணிமனைச் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கும். இது மிகை இல்லை. ஆறு நிமிஷம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவளும் புருஷனும். அவர் தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பவர். சேருகிற இரண்டு குழாய்களைத் தவிர உலகத்தில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். பின்கட்டில் அவருடைய தம்பி. அலுவலகங்களுக்குப் போய்ப் பிரிண்டர் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. கம்ப்யூட்டரில் நிரல் எழுதுவது அவன் காதல். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஒத்துப்போனது அந்தக் காதலில்தான். இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பங்குச்சந்தைக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். குறித்த நேரத்தில் தானாகவே எழுந்து, சொல்லி வைத்தபடி ஷேர் வாங்கி விற்றுவிட்டுத் திரும்பத் தூங்கப் போகிற ஒரு சின்ன நிரல்.

யோசனை அண்ணியுடையது. மார்க்கெட் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மூடினால் திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குத்தான் திறக்கும். நடுவில் இரண்டு நாள் கம்பெனிகள் சும்மா இருப்பதில்லை. லாபம் கூடியது, பெரிய ஆர்டர் கிடைத்தது என்று அறிவிப்பு விடும். ஞாயிற்றுக்கிழமை அண்ணி உட்கார்ந்து அதையெல்லாம் படித்து, நல்ல செய்தி சொன்ன கம்பெனிகளைப் பட்டியலில் போடுவாள். திங்கட்கிழமை சரியாக ஒன்பதே காலுக்கு ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை எடுத்து வாங்கும். புதன்கிழமை மாலை விற்கும். அவ்வளவுதான்.

நிஜப் பணம் எதுவும் போடவில்லை. ஆட்டோமேட்டிக் வர்த்தகத்துக்கென்றே இருக்கும் ஒரு இணையதளத்தில் பயிற்சிக் கணக்கு. கம்பெனிகள் நிஜம், விலைகள் நிஜம், பணம் மட்டும் பொய். அந்தப் பொய்ப் பணம் நான்கு மாதத்தில் ஊதிப் பெருத்த அழகைச் சொல்ல வேண்டும்! பதினாறு திங்கட்கிழமைகள், அதில் பதினான்கில் லாபம். வரைபடம் மாடிப்படி மாதிரி மேலே மேலே போனது. கொழுந்தன் அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டினான். அண்ணன் குழாய்க்காரர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் படியில ஏறினா எங்க போகும்?" என்றார்.

"வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வரலாம்" என்றாள் அண்ணி.

சொன்னதோடு நிற்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமைதான் விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்திருந்தாள். மொத்தமாக ஒரு தொகை வரும். ஸ்கிரிப்டைப் பொய்க் கணக்கிலிருந்து நிஜக் கணக்குக்கு மாற்றி, அந்தத் தொகையை அதனிடம் கொடுப்பது என்று முடிவு. பணிமனை விதிப்படி ஏழு நாளைக்குள் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். வரும் வெள்ளி மாலை நான்கு மணி தாண்டினால் பேனா முனை உடைந்த மாதிரிதான்.

இந்த ஏழு நாளுக்குள் வந்த திங்கட்கிழமையில்தான் அந்த விலை வந்தது.

தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனி. வெள்ளிக்கிழமை கடைசி விலை இருநூற்று நாற்பது. ஞாயிறு சாயங்காலம், மூன்று வருஷத்துக்கு ஆகிற ஆர்டர் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அண்ணி பட்டியலில் போட்டாள். திங்கட்கிழமை காலை பணிமனையில் வாகன வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே கைபேசியில் எட்டிப்பார்த்தாள். பம்பு கம்பெனி திறந்ததே இருநூற்று அறுபத்தெட்டில். அன்று முழுவதும் இருநூற்று அறுபதுக்குக் கீழே அது கால் வைக்கவில்லை.

மதியம் பயிற்சிக் கணக்கைத் திறந்தாள். "ஒன்பது பதினைந்து, பூஜ்யம் வினாடி: பம்பு கம்பெனி வாங்கப்பட்டது. விலை 240."

வேறு யாராக இருந்தாலும் இனிப்பு வாங்கியிருப்பார்கள். அண்ணி 240 என்பதைத் தாளில் எழுதி வட்டம் போட்டாள்.

சாயங்காலம் பின்கட்டுக் கதவைத் தட்டினாள். கொழுந்தன் ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான்.

"தம்பி, இன்னிக்கு ஊருக்கே இல்லாத விலை நமக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

"கிடைச்சுதுல்ல? விடுங்க அண்ணி."

"அறுபத்தெட்டுல திறந்த ஷேர நாப்பதுக்கு யாருப்பா வித்தது? அந்த மகராசன் யாரு?"

"அண்ணி, சத்தமா கேக்காதீங்க. கேட்டா சரி பண்ணிடுவான்."

"யாரு?"

"அந்த சைட்டுக்காரன்தான். எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா நமக்கு நல்ல காத்து வருது. நீங்களே போய் ஓட்டைய விரல் வச்சுக் காட்டுவீங்களா?"

"ஓட்டை ஜன்னல்ல இருக்கா, படகுல இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

அவன் தலையை வெளியே எடுத்தான். மூக்கில் கறுப்பு மை. "நாலு மாசமா லாபம் வருது அண்ணி. இதுக்குமேல என்ன வேணும்? உங்களுக்கு நல்லது நடந்தா ஒத்துக்காதா?"

"ஒத்துக்கும். எதுக்கு நடந்துச்சுன்னு தெரிஞ்சா தூங்கவும் செய்வேன்."

அந்த இணையதளத்தில் கேள்வி பதிலுக்கென்று ஒரு பலகை உண்டு. உலகத்திலுள்ள ஸ்கிரிப்டுக்காரர்கள் எல்லாம் அங்கே வந்து புலம்புவார்கள். எல்லோருக்கும் புனைபெயர். பெரும்பாலான கேள்விகள் "எனக்கு ஏன் நஷ்டம்?" என்ற வகை. அண்ணி, கொழுந்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, இப்படி எழுதினாள்:

"என் ஸ்கிரிப்ட் திங்கட்கிழமை காலை மார்க்கெட் திறக்கும் நேரத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று 268-இல் திறந்த ஒரு ஷேரை அது 240-க்கு வாங்கியிருக்கிறது. அந்த விலையில் இன்று ஒரு ஷேர்கூடக் கைமாறவில்லை. இது எனக்கு லாபம்தான். ஆனால் ஏன்?"

முதல் பதில் 'நூறுமடங்கு' என்ற புனைபெயர்க்காரரிடமிருந்து. "லாபத்துக்குப் புகார் கொடுக்கிற முதல் ஆள் நீங்கதான். உங்க கணக்க என்கிட்ட குடுங்க, நான் புகார் இல்லாம வச்சுக்கிறேன்." அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். கொழுந்தன் பதின்மூன்றாவது ஆளாகச் சிரிக்கப் போனவன், அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது இன்னொரு பதில் இருந்தது. புனைபெயர் 'மழைக்கோட்டு'. ஆணா பெண்ணா தெரியாது. எழுத்தில் ஒரு பொறுமை.

"நல்ல கேள்வி. மூன்று விவரம் வேண்டும். ஒன்று, ஸ்கிரிப்டுக்கு எந்த அளவு டேட்டா கொடுத்திருக்கிறீர்கள், நிமிஷக் கணக்கா, நாள் கணக்கா? இரண்டு, ஆர்டர் போன நேரம். மூன்று, அந்த ஆர்டர் எந்த விலையை வைத்து முடிந்ததோ அந்த விலை பதிவான நேரம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் லாக் பதிவில் இருக்கும்."

நேரத்தைக் கேட்டால் அண்ணியிடம் கேட்க வேண்டும்! மதிய இடைவேளையில் பச்சை அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, இந்தத் திங்களோடு சேர்த்துப் பதினேழு திங்கட்கிழமைக்கும் அட்டவணை தயாரித்துவிட்டாள். ஆர்டர் நேரம் ஒரு கட்டம், விலை பதிவான நேரம் ஒரு கட்டம். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தாள். இடது கட்டம் முழுவதும் திங்கள், ஒன்பதே கால். வலது கட்டம் முழுவதும் வெள்ளி, மூன்றரை மணி. பதினேழு வரிசையிலும்.

அதை அப்படியே படம் எடுத்துப் பலகையில் போட்டாள். நாள் கணக்கு டேட்டா என்பதையும் எழுதினாள். சாயங்காலத்துக்குள் மழைக்கோட்டின் பதில் வந்துவிட்டது. அண்ணியும் கொழுந்தனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படித்தார்கள்.

"உங்கள் அட்டவணையே பதில் சொல்லிவிட்டது; நான் வாசித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான். நாள் கணக்கு டேட்டாவில் ஒரு நாளுக்கு ஒரே ஒரு பதிவு. அந்தப் பதிவு மார்க்கெட் மூடிய பிறகுதான் முழுமை அடைந்து ஸ்கிரிப்ட் கைக்கு வரும். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, திங்கட்கிழமை என்ற பதிவே இன்னும் பிறக்கவில்லை. ஸ்கிரிப்டுக்குக் கடைசியாகத் தெரிந்தது வெள்ளிக்கிழமை மூடிய விலை. பயிற்சிக் கணக்கு உங்கள் ஆர்டரை மார்க்கெட்டுக்கு அனுப்புவதில்லை. தன்னிடம் உள்ள கடைசி விலையை எடுத்து 'இந்தா, வாங்கியாச்சு' என்கிறது. வேறு விலை அதனிடம் இல்லை.

"சாதாரண நாட்களில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் நீங்கள் சனி ஞாயிறு செய்தியைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை விலைக்கு வாங்குகிறீர்கள். செய்தி வருவதற்கு முந்தின விலை அது. நிஜக் கணக்காக இருந்தால் உங்கள் ஆர்டர் 268-ஐ ஒட்டித்தான் முடிந்திருக்கும். இந்த ஸ்கிரிப்டில் இதுவரை வந்த லாபம் எதையும் தயவுசெய்து நம்பாதீர்கள். நிஜப் பணம் போட்டுவிட்டீர்களா?"

கடைசி வரியை அண்ணி இரண்டு முறை படித்தாள்.

குழாய்க்காரர் எட்டிப்பார்த்தார். "என்னவாம்?"

"நாம பார்த்த லாபம் லாபமே இல்லையாம்."

"அப்போ நாம பணக்காரங்க இல்லையா?"

"நேத்து வரைக்கும் இருந்தோம்."

"எனக்கு யாருமே சொல்லலையே" என்று வருத்தப்பட்டுக்கொண்டு கைகழுவப் போனார்.

கொழுந்தன் லேப்டாப்பை இழுத்து ஸ்கிரிப்டின் முதல் வரிகளைத் திறந்தான். முதலில் அவர்கள் நிமிஷக் கணக்கு டேட்டாவைத்தான் வைத்திருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் அவன் லேப்டாப் அந்தப் பாரம் தாங்காமல், மேலே துணியை விரித்தால் இஸ்திரி ஆகிவிடும் என்கிற அளவுக்குக் கொதித்தது. ஒரு நாள் அவன் அதை நாள் கணக்குக்கு மாற்றினான். ஒரே ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல். ஸ்கிரிப்ட் பறந்தது, லாபமும் அதே வாரம்தான் படியேறத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து அவன் யோசிக்கவே இல்லை. தன் கை ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நம்பாதீங்க அண்ணி" என்றான் கடைசியில். "எவனோ முகம் தெரியாத ஆளு. நாமளே ஓட்டிப் பாத்துருவோம்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தார்கள். மழைக்கோட்டு சொன்னபடி டேட்டாவை மறுபடி நிமிஷக் கணக்குக்கு மாற்றினார்கள். ஆர்டர் நேரத்தை ஒன்பதே காலிலிருந்து ஒரு நிமிஷம் தாண்டி ஒன்பது பதினாறுக்குத் தள்ளினார்கள். கையிலிருக்கும் விலையின் தேதி இன்றைய தேதிதானா என்று பார்த்து, இல்லையென்றால் ஆர்டரே போடாதே என்று ஒரு வரி. இவ்வளவு விலைக்கு மேல் போனால் வாங்காதே என்று ஒரு உச்சவரம்பு வைக்கலாம் என்றும் மழைக்கோட்டு சொல்லியிருந்தார். ஆனால் முதலில் உண்மையைப் பார்க்க வேண்டும் என்று அதைச் சேர்க்கவில்லை. பிறகு அதே பதினேழு திங்கட்கிழமைகளை முதலிலிருந்து ஓடவிட்டார்கள்.

லேப்டாப் முனகியது. குழாய்க்காரர் அதன் அடியில் இரண்டு மரக்கட்டையை வைத்து, மேஜை மின்விசிறியைத் திருப்பிவிட்டார். அந்த நாலு மாத விவகாரத்தில் அவருடைய ஒரே தொழில்நுட்பப் பங்களிப்பு அது. ஆனால் அது இல்லாவிட்டால் ஓட்டம் முடிந்திருக்காது.

ஒன்றே முக்கால் மணி நேரம். புதிய வரைபடம் வந்தது. மாடிப்படியைக் காணோம். தரை இருந்தது, அதுவும் கொஞ்சம் பள்ளமாக. பதினேழில் ஆறுதான் லாபம். நல்ல செய்தி எவ்வளவு நல்லதோ அவ்வளவையும் திங்கட்கிழமையின் முதல் விலையே விழுங்கிவிட்டிருந்தது. அவர்களுக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "உங்க லெட்டர்."

"நாளைக்குக் காலைல முதல் வேலை அதான்."

"இதே விலைய நீங்க பாக்காம விட்டிருந்தா..."

"பாக்காம எப்படி விடுவேன்? என்னைப் பத்தித் தெருவே சிரிக்குது, நீ ஒருத்தன் மறந்துட்டியா?"

ஊழியர் பிரிவு அதிகாரி தும்மல்காரர். கோப்பைத் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. வியாழக்கிழமை காலை அண்ணியைக் கண்டதும் இரண்டு சேர்ந்து வந்தது.

"என்னம்மா, பிரிவுபசார விழாவுக்குத் தேதி கேக்க வந்தீங்களா?"

"லெட்டரைத் திரும்பக் குடுங்க சார்."

"அட! ஏன்? வீட்டுல சண்டையா?"

"இல்ல சார். விலை பழசு."

"என்ன விலை?"

"அது பெரிய கதை சார். திங்கக்கிழமைய வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுட்டோம்."

அதிகாரி அவளைக் கூர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் கிழமையைத் தவறவிடாதவள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, தும்மி, கடிதத்தை நீட்டினார். பிறகு தயங்கி, "நெஜமாவே சந்தோஷம்மா. உங்களுக்குப் பதிலா வர இருந்த புது ஆளு போட்ட அட்டவணையப் பாத்தேன். ஒரே நேரத்துல ரெண்டு பஸ்ஸ ஒரே ஓட்டுநருக்குக் குடுத்திருந்தான்" என்றார்.

அன்று மதியம் அண்ணி தன் மேஜையில் உட்கார்ந்து மழைக்கோட்டுக்கு நன்றி எழுதினாள். முதல் தாள் கண்ணீரும் கம்பலையுமாக இருந்தது, கிழித்தாள். இரண்டாவது பணிமனைச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது, அதையும் கிழித்தாள். மூன்றாவதில் இருந்ததை இருந்தபடி எழுதினாள்.

"நிஜப் பணம் போடவில்லை. போடுவதற்காகப் பேருந்துப் பணிமனை வேலையை விட இருந்தேன். கடிதத்தை இன்று காலை திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு நான் யாரோ. எனக்காக மூன்று விவரம் கேட்டீர்கள். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நானும் வலது கட்டத்தை எழுதிப் பார்த்திருக்க மாட்டேன். என் வேலை, என் ஓய்வுப் பணம், இரண்டும் இன்று என்னிடம் இருப்பது உங்களால். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நன்றி."

பதில் சின்னதாக வந்தது. "எனக்கும் இதேபோல நல்ல விலை கிடைத்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால். நான் கேட்கவில்லை. சேமிப்பில் பாதி போன பிறகுதான் புரிந்தது. உங்கள் அட்டவணையைப் பலகையின் உச்சியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து நேற்றிலிருந்து ஏழு பேர் தங்கள் லாக்கைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார்கள். நன்றி நான்தான் சொல்ல வேண்டும்."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே நகர்த்தினாள். நூறுமடங்கு மறுபடி வந்திருந்தார். "நாள் டேட்டாவ வச்சு ஒன்பதே காலுக்கு ஆர்டர்! பள்ளிக்கூடப் பிள்ளைகூட செய்யாது. நீங்க பஸ்ஸோட நிறுத்திக்கலாம்."

அதற்குக் கீழே, இதுவரை அந்தப் பலகையில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு புதிய பெயர். 'மைமூக்கு'.

"நாள் டேட்டாவுக்கு மாற்றியவன் நான். அவர் இல்லை. மாற்றியதை அவரிடம் சரியாகச் சொல்லவும் இல்லை. விலையைப் பார்த்தவுடன் இது தப்பு என்றவர் அவர். கேட்காதீர்கள் என்று தடுத்தவன் நான். பிள்ளை செய்யாத தப்பு என்பது சரி. அந்தப் பிள்ளை நான்தான். என் அண்ணியைச் சொல்லாதீர்கள்."

பணிமனையில் அன்று ஐந்தரை மணிப் பேருந்து ஐந்து முப்பத்தொன்றுக்குக் கிளம்பியது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கையசைக்கவில்லை என்று ஓட்டுநர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனாள். கொழுந்தன் பார்க்காத மாதிரி பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"மைமூக்கு, வெளிய வாப்பா."

"வேலையா இருக்கேன் அண்ணி."

"அதுக்குள்ள என்ன வேலை? மூடியத் தப்பான பக்கத்துல திறந்து வச்சிருக்க."

வெளியே வந்தான். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கி நின்றான். அவள் முந்தானையால் அவன் மூக்கிலிருந்த மையைத் துடைத்தாள். அது பாதி கன்னத்துக்குப் போனது.

"ஊரறிய அப்படி எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்டா. ரொம்ப நன்றி."

"போங்க அண்ணி" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "அந்த ஸ்கிரிப்ட அழிச்சிடவா?" என்றான்.

"எதுக்கு அழிக்கணும்? இப்பதான் உண்மை பேசக் கத்துக்கிட்டிருக்கு. பயிற்சிக் கணக்குலயே ஓடட்டும். எனக்கு வேலை இருக்கு, அவசரம் ஒண்ணுமில்ல."

அடுத்த திங்கட்கிழமை பட்டியலில் ஒரே ஒரு கம்பெனி, பெட்டிக்கு அட்டை செய்கிறது. அதன் முதல் வியாபாரமே ஒன்பது இருபதுக்குத்தான் நடந்தது. ஒன்பது பதினாறுக்கு அண்ணியின் கைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. ஸ்கிரிப்ட் ஒரு வரி எழுதியிருந்தது: "கையிலுள்ள விலை வெள்ளிக்கிழமையுடையது. ஆர்டர் போடவில்லை."

அண்ணி அதைப் பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல செய்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப நல்ல செய்தி" என்று சொல்லிவிட்டு, அண்ணி ஒன்பதரைக்குப் போக வேண்டிய பேருந்தைப் பார்க்க எழுந்துபோனாள்.